செல்போன் கழுத்துப் பிடிப்பு: முகவாயை எங்கே இழுப்பது, தோளை எங்கே சேர்ப்பது

செல்போனை நாள் முழுக்கப் பார்ப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார். ஒரு கையை எதிர்ப்பக்கத் தோளுக்கு மேலே கொண்டுபோய், தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் விரலை வைத்து அழுத்துவார். தோலுக்கு அடியில் கோலிக்குண்டு உருள்வதுபோல ஏதோ தட்டுப்படும். "வாயு அடைச்சிருக்கு" என்பார் ஒருவர், "நரம்பு சுருண்டுபோச்சு" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, ஒரு நாடாவைப் போல இறங்கி, மிகச் சரியாக அந்த மூலையில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு தசை இருக்கிறது. தோள்பட்டை எலும்பை மேலே தூக்குவது அதன் வேலை. லெவேட்டர் ஸ்கேபுலே என்பது மருத்துவப் பெயர். நாம் தூக்குத்தசை என்றே வைத்துக்கொள்வோம்.

போன் பார்க்கும்போது இந்தத் தசைக்கு ஒரே நேரத்தில் இரண்டு எசமானர்கள். தலை முன்னால் குனிகிறது. அது மேலும் விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கூட்டத்தில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில் இரண்டு கைகளும் அந்தரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கை 3 கிலோ. கை தோள்பட்டை எலும்பில் தொங்குகிறது, தோள்பட்டை எலும்பு தூக்குத்தசையிலும் அதன் மேலே போர்வையாகக் கிடக்கும் ட்ரபீசியஸ் தசையிலும் தொங்குகிறது. போனின் எடை 200 கிராம்தான், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கையின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தலையின் கணக்கை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். நேராக இருக்கும்போது தலையின் எடை 5 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ. வாட்ஸ்அப்பில் பலமுறை சுற்றி வந்த இந்த எண், நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்டது. 15 டிகிரிக்கு 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 45 டிகிரிக்கு 22 என்று படிப்படியாக ஏறும். ஆட்களின் கழுத்தில் கருவி வைத்து அளந்தது அல்ல, கணினியில் மாதிரி வைத்துப் போட்ட கணக்கு. குனியக் குனியப் பாரம் கூடும் என்பது சரிதான். பாரம் கூடினால் வலி வந்தே தீரும் என்பதுதான் அதிலிருந்து வராத முடிவு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயது வரையிலான 150 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளிவந்த ஆய்வில், போன் பார்க்கும்போது அதிகம் குனிபவர்களுக்குக் கழுத்துவலி அதிகம் என்று காட்ட முடியவில்லை. குனியும் கோணத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது.

கோணத்தை விட நேரத்தைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். சுமை தூக்கும் தொழிலாளி 50 கிலோ மூட்டையைத் தூக்கிவிட்டு இறக்கிவிடுகிறார். தசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. போன் பார்ப்பவரின் கழுத்துத் தசை தன் முழு வலுவில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது, ஆனால் இறக்கி வைப்பதே இல்லை. ஒரு தசைக்குள் பல சிறு நார்க்கூட்டங்கள் உண்டு. சின்ன வேலைக்கு அவற்றில் எப்போதும் ஒரே கூட்டம்தான் முதலில் எழுந்து, கடைசியில் ஓய்வெடுக்கிறது. வேலை பெரிதானால்தான் மற்றவை எழும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. வீட்டில் பத்துப் பேர் இருந்தும் ஓய்ந்துபோவது அவர் ஒருவர்தான். இது இன்னும் ஒரு கருதுகோளே என்றாலும், லேசான வேலையே இவ்வளவு வலிப்பது ஏன் என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட நல்ல விளக்கங்களில் ஒன்று. இதோடு, தலையை முழுக்கத் தொங்கவிட்டால் பின்கழுத்துத் தசைகளில் ஒரு பகுதி வேலையை விட்டுவிட, பாரம் எலும்புகளை இணைக்கும் தசைநார்களுக்குப் போகிறது. இழுபட்டே கிடந்த அவை உடனே பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு மணி நேரம் போன் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது "கட்டை மாதிரி இருக்கு" என்று தோன்றுவது இதனாலும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் முகவாயை உள்ளிழுக்கும் சின் டக்கும், தோள்பட்டை எலும்புகளைச் சேர்க்கும் பயிற்சியும் என்ன செய்கின்றன என்பது தெளிவாகும். வளைந்த எலும்பை அவை நிமிர்த்துவதில்லை. அசையாமல் கிடந்த மூட்டுகளை எதிர்த்திசையில் ஒருமுறை கொண்டுபோய் வருகின்றன. தூங்கிக்கிடந்த தசைகளை எழுப்பி, ஓயாமல் உழைத்ததற்குச் சற்று விடுப்பு தருகின்றன. அதனால் காலையில் ஒரே மூச்சில் 50 முறை செய்துவிட்டு நாள் முழுக்க மறந்துவிடுவதை விட, அரை மணிக்கு ஒருமுறை ஐந்து செய்வது மேல்.

முகவாயை உள்ளிழுத்தல்

சாயும் பலகை உள்ள நாற்காலியில், இடுப்பு பின்னால் முட்டும்படி உட்காருங்கள். இரு பாதமும் தரையில் படட்டும். எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பயிற்சி முடியும்வரை பார்வை அதை விட்டு ஏறவோ இறங்கவோ கூடாது. ஆள்காட்டி விரல் நுனியை முகவாயைத் தொட்டபடி வையுங்கள். இப்போது மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல முகம் முழுவதையும் நேர் பின்னால் நகர்த்துங்கள். விரல் இருந்த இடத்திலேயே இருக்க, முகவாய் அதிலிருந்து ஒரு விரல் அல்லது இரண்டு விரல் அகலம் விலக வேண்டும். கழுத்தடியில் தோல் மடிந்து இரட்டை முகவாய் தெரியும். பார்க்க அழகாக இருக்காது. அதுதான் சரியாகச் செய்கிறீர்கள் என்பதன் அடையாளம். மண்டையின் அடிப்பகுதியில், பின்னால், மெல்லிய இழுவிசை தெரியும். 3 முதல் 5 விநாடி அப்படியே இருந்து, மூச்சை அடக்காமல் இழுத்து விட்டுக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கு மட்டும் திரும்புங்கள். அதைத் தாண்டி முகத்தை முன்னால் நீட்ட வேண்டாம். ஐந்து முதல் எட்டு முறை போதும்.

எவ்வளவு வலுவாக இழுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முழு வலு பத்து என்றால் மூன்று, அதிகபட்சம் நான்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் கழுத்தின் வேலையைத் தாடைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். உதடுகள் மூடி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருந்தால் தாடை தானாகத் தளரும்.

தவறுகளில் மூன்று அடிக்கடி வரும். முதலாவது, முகவாயை உள்ளிழுப்பதாக நினைத்து நெஞ்சை நோக்கிக் குனிவது. அது போன் பார்க்கும் அதே நிலை. எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. பார்வை புள்ளியிலிருந்து கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது இதற்கு நேர் எதிர், முகவாய் மேலே தூக்கிக்கொள்வது. இதில் கழுத்தின் மேல் மூட்டுகள் பின்பக்கம் நெருக்கப்படுகின்றன. பயிற்சி தொடங்கிய இரண்டு மூன்று நாளில் பின்மண்டையில் புதிதாகத் தலைவலி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூன்றாவது, கழுத்து அசையாமல் முதுகு மொத்தமும் பின்னால் சாய்வது. சுவரில் முதுகை ஒட்டி நின்று செய்தால் இந்த ஏமாற்று நடக்காது. சுவரை ஒட்டி நிற்கும்போது பின்மண்டை சுவரைத் தொடவில்லை என்றால் வம்படியாகத் தொட வைக்க வேண்டாம். மேல்முதுகு கூனியிருப்பவர்களுக்கு அது எட்டாது. மடித்த துண்டைப் பின்மண்டைக்கும் சுவருக்கும் இடையில் வைத்து, அதை லேசாக அழுத்தினால் போதும்.

இதற்கு ஒரு படுத்த வடிவமும் உண்டு. வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது வேறு பயிற்சி. உட்கார்ந்து செய்வது மூட்டுகளைப் பின்னால் நகர்த்துகிறது. படுத்துச் செய்வது கழுத்தெலும்புக்கு முன்னால், உணவுக்குழாய்க்கும் பின்னால் ஒட்டிக் கிடக்கும் ஆழமான சிறு தசைகளைப் பழக்குகிறது. கழுத்துவலி உள்ளவர்களிடம் இவை சோம்பிக் கிடக்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் க்வெண்டலின் ஜல் குழுவினர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கழுத்துக்கு அடியில் காற்றுப்பை வைத்து, அதன் அழுத்தத்தை 20-இலிருந்து 30 மில்லிமீட்டர் பாதரசம் வரை இரண்டிரண்டாக ஏற்றச் சொல்வது அவர்களின் சோதனை. வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை. மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மடித்த துண்டை வையுங்கள். முழங்கால் மடிந்திருக்கட்டும். "சரி" என்று சம்மதம் சொல்வதுபோல மிக மெதுவாக, மிகச் சிறிதாக முகவாயை அசையுங்கள். தலை துண்டிலிருந்து எழும்பக் கூடாது. பின்மண்டை துண்டின் மேலேயே உச்சந்தலைப் பக்கமாக வழுக்க வேண்டும்.

அப்போது இரண்டு விரல்களைக் கழுத்தின் முன்பக்கம், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புவரை சாய்வாக இறங்கும் தசையின் மேல் வைத்துப் பாருங்கள். அது கயிறுபோல விறைத்தால் வெளித்தசை வேலையைப் பறித்துக்கொண்டது என்று பொருள். அசைவைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு அடங்கும். அடங்கிய அந்த அளவில் 10 விநாடி, பத்து முறை. தொடக்கத்தில் ஐந்து விநாடி தாங்கினாலே பெரிய விஷயம். நான்காவது முறையிலேயே கழுத்து லேசாக நடுங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்தல்

இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்க உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். முதலில் உள்ளங்கைகளை முன்பக்கமாகத் திருப்புங்கள். இந்தச் சின்னத் திருப்பம் முன்னால் உருண்டு கிடக்கும் தோள்குமிழ்களைத் தானாகவே திறந்துவிடும். பிறகு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில், முதுகுத்தண்டின் மேல் ஒரு பென்சில் இருப்பதாக நினைத்து அதைக் கவ்வப் பாருங்கள். உண்மையில் எலும்புகள் தொட்டுக்கொள்ளாது, தொடவும் தேவையில்லை. இங்கேயும் பத்துக்கு மூன்று வலு, 5 விநாடி, எட்டு முதல் பத்து முறை. சோர்வு தெரிய வேண்டிய இடம் இரண்டு எலும்புகளுக்கு நடுவில், பெண்களுக்கு ஜாக்கெட்டின் பின்கழுத்து முடியும் மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழே வரைக்கும். கழுத்தும் தோளும் சேரும் சரிவில் சோர்வு தெரிந்தால் வேலை தவறான தசைக்குப் போய்விட்டது.

அப்படிப் போவதற்கு முதல் காரணம், சேர்க்கும்போதே தோள் காதை நோக்கி ஏறிவிடுவது. ஏற்கெனவே ஓய்ந்துபோன தூக்குத்தசைக்கு இன்னொரு பொதி. கண்ணாடி முன் நின்று, காதுமடலுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளி குறைகிறதா என்று கவனித்தால் தெரியும். அடுத்தது, முழங்கைகள் மட்டும் பின்னால் போய் தோள்பட்டை எலும்பு இருந்த இடத்திலேயே இருப்பது. தோள்குமிழ் முன்னால் துருத்திக்கொள்ளும். நெஞ்சை முன்னே தள்ளி இடுப்பை வளைத்து, முதுகு சேர்ந்துவிட்டதாக ஏமாறுவதும் உண்டு. கீழ் விலாவின் மேல் ஒரு கையை வைத்தால் அது எம்பாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாக் காணொளிகளிலும் "பின்னாலும் கீழேயும் இழுங்கள்" என்று சொல்கிறார்கள். பலருக்கு இது பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. சிலருடைய தோள்கள் இயல்பிலேயே சரிந்து தொங்கும். கைப்பை ஒருபக்கம் நழுவிக்கொண்டே இருக்கும், ரவிக்கையின் தோள்பட்டி இறங்கும். அவர்களுடைய தூக்குத்தசை சுருங்கி இறுகியதல்ல, நீண்டு விறைத்தது. மேலும் கீழே இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளும் சேர்ந்து இழுபட, விரல்களில் குறுகுறுப்பு வரும். அப்படி வந்தால் கீழ்நோக்கிய இழுப்பை முழுவதும் விட்டுவிட்டு, தோளை அரை விரல் அகலம் மேலே தூக்கிய நிலையில் பின்னால் சேர்க்க வேண்டும். குறுகுறுப்பு நின்றால் அவருக்கு அதுதான் திசை.

இன்னொன்று, இந்த நிலையை நாள் முழுக்கப் பிடித்து வைக்க முயல்வது. பட்டாளத்துச் சிப்பாய்போல நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தால் அதுவும் அசையாத் தவம்தான். மாலையில் நடுமுதுகு வலிக்கும். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டும் இதே கணக்குத்தான், தசையின் வேலையைத் துணி பார்த்துக்கொள்கிறது.

ஒருவருக்கு எப்படிப் பொருத்துவது

சேலைகளைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் விற்கும் 34 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணியிலிருந்து 1 மணிவரை தரையில் சம்மணமிட்டு, மடியில் போனை வைத்து விசாரணைகளுக்குப் பதில். பிற்பகலில் பார்சல் கட்டுதல். இரவு 9:30-க்குப் பிறகு கட்டிலில் இரண்டு தலையணையைக் கழுத்துக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி மறுநாள் ஆர்டர்கள். மூன்று மாதமாக வலத் தோள்மூலையில் வலி. பத்துக்கு ஐந்து என்கிறார். காலையில் எழுந்ததும் கால்மணி நேரம் கழுத்து திரும்புவதில்லை. ஸ்கூட்டரில் வலப்பக்கம் திரும்பும்போது உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டியிருக்கிறது. கையில் மரத்துப்போதல் இல்லை, பிடிவலு குறையவில்லை.

முதலில் ஓர் அளவு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தேறுகிறதா என்றே தெரியாது. நாற்காலியில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, தோள் அசையாமல் தலையை மட்டும் திருப்புவது. முகவாய் ஏறத்தாழத் தோளுக்கு நேரே போகும் அளவு திரும்பினால் இயல்பு. இவருக்கு இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் காறை எலும்பின் நடுவோடு நின்றுவிடுகிறது. பக்கத்துச் சன்னலில் எந்தக் கம்பிவரை தெரிகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் அதுவே அளவுகோல்.

முதல் வாரம் பயிற்சியை விட உட்காரும் விதத்துக்கே அதிக பலன். மடியில் ஒரு தடித்த தலையணை, அதன் மேல் இரு முழங்கைகள். கைகளின் ஆறு கிலோ தோளிலிருந்து தலையணைக்கு இறங்கிவிடும். போனும் ஒரு சாண் உயரும், தலை அந்த அளவுக்குக் குறைவாகக் குனியும். போனில் 30 நிமிட அலாரம். அடித்ததும் எழுந்து நின்று ஐந்து முறை முகவாய், ஐந்து முறை தோள். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. இரவில் கட்டிலில் போன் பார்ப்பதை நிறுத்தச் சொன்னால் நிறுத்தப்போவதில்லை. எனவே சாய்ந்த நிலையில் தலையணையை மண்டைக்கு மட்டும் கொடுக்காமல் இடுப்பிலிருந்து தோள்வரை சரிவாக அடுக்கி, மடித்த தொடையில் போனைச் சாய்த்து வைக்கலாம். தூங்கும்போது ஒரே தலையணை. விளக்கணைக்கும் முன் படுத்த வடிவம் பத்து முறை.

நான்காம் நாள் அவருக்குப் பின்மண்டையில் தலைவலி வருகிறது என்று வையுங்கள். செய்து காட்டச் சொன்னால், சீக்கிரம் சரியாக வேண்டும் என்று 20 விநாடி பிடிக்கிறார், முகவாயும் மேலேறுகிறது. பிடிப்பதை 3 விநாடியாக்கி, பார்வைப் புள்ளியைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் அது அடங்கும். பயிற்சிக்குப் பின் வரும் சோர்வு வலி மறுநாள் அதே நேரத்துக்குள் போய்விட்டால் அளவு சரி, அதற்கு மேலும் நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் வலி உடனே குறையாது. முன்பு காலை 11 மணிக்குத் தொடங்கிய பிடிப்பு இப்போது மாலை 4 மணிக்குத் தொடங்கும். இதுதான் முதல் முன்னேற்றம், பலர் இதைக் கவனிக்காமல் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் சன்னலில் இன்னும் இரண்டு கம்பி தெரிய வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் திருப்பமும் வலியும் இருந்த இடத்திலேயே இருந்தால், வேறு காரணம் இருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்டிடமோ மருத்துவரிடமோ காட்ட வேண்டிய நேரம்.

எப்போது செய்யக் கூடாது

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி இருந்தால் ஒரு நல்ல விதி உண்டு. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி வகுத்த முறையிலிருந்து வந்தது அது. முகவாயை உள்ளிழுக்க இழுக்க, விரல்வரை இருந்த வலி முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும் ஏறிக் கழுத்தோடு நின்றால், கழுத்தில் அது சற்றுக் கூடினாலும் திசை சரி. கழுத்தில் குறைந்து கையில் கீழே இறங்கினால் அப்போதே நிறுத்த வேண்டும்.

கை வலுவிழந்து பொருள்கள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்ச்சி, இவையெல்லாம் தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். பயிற்சி இதற்கு மருந்தல்ல. காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்த கழுத்து விறைப்பு, விபத்தில் அடிபட்ட பின் வந்த வலி, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்து இடக் கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, திடீரென வந்த கடும் கழுத்துவலியோடு பார்வை இரட்டையாவது அல்லது பேச்சுக் குழறுவது என்றால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. மருத்துவரைக் கேட்காமல் சின் டக் செய்ய வேண்டாம். சலூனில் முடிவெட்டி முடித்துக் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் "எலும்பு தேய்மானம்" என்ற சொல்லோடு திரும்புவார்கள். அதைக் கண்டு கழுத்தை அசைக்கவே பயந்துபோவதுதான் கெடுதல். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. படத்தில் தெரிவது எல்லாம் வலிக்குக் காரணமல்ல. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால், சோம்பிக் கிடக்கும் ஆழத்துத் தசைகளுக்கு முழு ஓய்வு கொடுத்ததாகவே ஆகும்.

பிடிப்பு பாதியாகக் குறைந்த பிறகு அதே லேசான அசைவுகளிலேயே நின்றுவிட்டால் முன்னேற்றமும் அங்கேயே நின்றுவிடும். டென்மார்க்கில் கழுத்து, தோள்வலி அடிக்கடி வரும் 198 அலுவலகப் பணியாளர்களிடம் 10 வாரம் ஒரு சோதனை நடந்தது. 2011-இல் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் ஐந்து நாள் ரப்பர் குழாயைக் கொண்டு கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் செய்தார்கள், இன்னொரு பிரிவினர் 12 நிமிடம். உடற்பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது இரு பிரிவினருக்குமே வலி குறைந்தது. வீட்டில் இதற்கு நெருக்கமாகச் செய்ய ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் போதும். சன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் பிடித்து, முதலில் முகவாயைச் சற்றே உள்ளிழுத்து, அடுத்துத் தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்து, கடைசியாக முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். பன்னிரண்டாவது இழுப்பில் தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கினால் பேண்டின் பலம் சரியாக இருக்கிறது. ஐந்தாவதிலேயே ஏறினால் அதைவிட மெல்லியதை வாங்குங்கள், அல்லது கம்பிக்கு ஓர் அடி நெருங்கி நில்லுங்கள்.